புதிய குடித்தனக்காரரிடம் அடையாள ஆவணம் கேட்பதும் காவல் நிலையத்தில் விவரம் கொடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, தாம்பரம், ஆவடி மாநகரக் காவல் எல்லைகளில் வீட்டை வாடகைக்கு விடுபவர்களை மனத்தில் கொண்டு இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பிற மாவட்டங்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதுவே. கேள்விகளில் சில வீட்டுக்காரர்கள் கேட்டவை, சில குடிவருபவர்கள் கேட்டவை.

குடிவருபவரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அவர் சரிபார்க்கப்பட்டவர்தானே?

இல்லை. இந்த விஷயத்தில் நேரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது தகவல் தெரிவிப்பது மட்டுமே. "இந்த முகவரியில் இன்ன தேதி முதல் இன்னார் குடியிருக்கிறார்" என்பதை நீங்கள் அறிவிக்கிறீர்கள். நிலையத்தில் அதைப் பெற்றுக்கொண்டு கோப்பில் சேர்க்கிறார்கள். அந்த நபரின் மீது வழக்கு உண்டா என்று யாரேனும் தேடிப் பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் விழும் முத்திரை சான்றாகாது.

சரிபார்ப்பு என்பது வேறு வேலை. தமிழ்நாடு காவல்துறையின் eservices.tnpolice.gov.in தளத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. வேலைக்குச் சேர்பவர், வீட்டு வேலை செய்பவர், வீட்டு வாடகைதாரர் போன்ற பிரிவுகளில் அதற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் சொல்லப்பட்டவரின் பெயரில் காவல்துறைப் பதிவேடுகளில் குற்ற வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை தருகிறார்கள். அந்த அறிக்கைக்கும் எல்லை உண்டு. தேடிய நாளில், தேடிய பெயரிலும் பிறந்த தேதியிலும், தேடிய பதிவேடுகளில் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். பெயரைத் தவறாக எழுதிக் கொடுத்தால், தவறான பெயருக்குரிய நற்சான்றுதான் உங்கள் கைக்கு வரும். ஆகவே தகவல் தெரிவித்தாலும் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தாலும், நீங்கள் முதலில் வாங்கும் விவரங்கள் சரியாக இருந்தால் மட்டுமே செய்த வேலைக்குப் பயன் உண்டு.

இப்படித் தகவல் கொடுப்பது சட்டப்படி கட்டாயமா?

உங்கள் பகுதியில் அப்போது ஆணை நடப்பில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, வாடகைதாரர்களின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல் ஆணையர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ் ஆணையிட்டார். சென்னையில் இந்தப் படிவம் பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது அப்போதுதான்.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 144ஆம் பிரிவுக்கு ஈடானது அதில் 163ஆம் பிரிவு. இந்தப் பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படும் ஆணை இரண்டு மாதங்களுக்கு மேல் நிற்காது. தேவையென்று கருதினால் மாநில அரசு அதை மேலும் ஆறு மாதங்கள் வரை நீட்டிக்கலாம். ஆணை நடப்பில் இருக்கும்போது தெரிந்தே அதை மீறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்கீழ் குற்றம். சூழ்நிலையைப் பொறுத்து ஆறு மாதம் வரை வெறுங்காவல் தண்டனையோ 2,500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்; மனித உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவித்தால் அது ஓராண்டு, 5,000 ரூபாய் என்று உயரும்.

எனவே "எப்போதும் எங்கும் கட்டாயம்" என்று சொல்பவரும் "இதெல்லாம் சும்மா சம்பிரதாயம்" என்று சொல்பவரும் பாதிதான் சரி. உங்கள் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஆணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுவதே நல்லது. பின்னாளில் அந்த வீடு தொடர்பாக ஒரு விசாரணை வந்தால், "எனக்கு அவரைத் தெரியாது" என்று சொல்லும் வீட்டுக்காரரைவிட, "இன்ன தேதியில் இன்ன விவரத்தை உங்களிடமே கொடுத்திருக்கிறேன்" என்று முத்திரையிட்ட தாளைக் காட்டும் வீட்டுக்காரர் விரைவில் வீடு திரும்புவார்.

எந்தக் காவல் நிலையத்தில் கொடுப்பது? என் வீடு ஓரிடத்தில், நான் குடியிருப்பது வேறிடத்தில்.

வாடகைக்கு விட்ட வீடு எந்த நிலையத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே. 2022 தொடக்கத்தில் சென்னைப் பெருநகரக் காவல் எல்லையிலிருந்து தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்தன. அதனால் "சென்னை காவல்துறை" என்று பழக்கத்தில் சொல்லும் பல புறநகர்ப் பகுதிகள் இப்போது வேறு ஆணையரகத்தின் கீழ் இருக்கின்றன. குரோம்பேட்டை வீடு தாம்பரம் ஆணையரகத்தில் வரும்.

நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு அதிகாரக் கடிதமும் உங்கள் அடையாள ஆவண நகலும் கொடுத்து அவர் வழியாகச் செய்யலாம். தரகர் வழியாக மட்டும் செய்ய வேண்டாம்.

ஆவணங்களை எப்போது கேட்பது? முன்பணம் வாங்கிய பிறகு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்காமல் என்ன செய்வார்கள்? முன்பணம் கைமாறியபின் கேட்டால், அது முன்பே சொல்லாத புதிய நிபந்தனை போலத் தெரியும். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது கேட்டால், கிடைத்ததை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்க வேண்டிய நிலைக்கு நீங்களே வந்துவிடுவீர்கள். வீடு பிடித்திருக்கிறது, வாடகை ஒத்துவருகிறது என்று இரு தரப்பும் வாய்மொழியாகச் சொன்னபின், டோக்கன் தொகை கூட வாங்குவதற்கு முன் கேட்பதே சரியான நேரம். ஆனால் வீட்டைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஆதார் நகல் கேட்பது தவறு. பத்துப் பேர் பார்த்து ஒருவர் குடிவருகிற வீட்டில், மற்ற ஒன்பது பேரின் ஆவணங்கள் உங்கள் கைபேசியில் எதற்கு?

எழுத்தில் கேட்பது நல்லது. எதற்காக, என்னென்ன, யாரிடம் போகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நான் அனுப்புகிற செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம். மாடி வீட்டுக்கு நீங்கள் குடிவருவதாகப் பேசியிருக்கிறோம். காவல் நிலையத்தில் குடியிருப்பவர் விவரம் கொடுக்க வேண்டியிருப்பதால், வீட்டில் தங்கப்போகும் பெரியவர்கள் ஒவ்வொருவரின் முழுப் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர் முகவரி, இதற்கு முன் குடியிருந்த வீட்டின் முகவரி, வேலை செய்யும் இடம், கைபேசி எண் ஆகியவை வேண்டும். ஞாயிறு காலை ஒப்பந்தம் போட வரும்போது ஒவ்வொருவரும் ஒரு புகைப்படமும் ஓர் அடையாள ஆவணத்தின் மூலமும் நகலும் கொண்டு வாருங்கள். மூலத்தைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நகலின் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று நீங்களே எழுதிக் கையெழுத்திடலாம். நிலையத்தில் கொடுத்த படிவத்தின் நகல் ஒன்றை உங்களுக்கும் தருகிறேன். என்னுடைய அடையாள ஆவணத்தையும் வீட்டு வரி ரசீதையும் அன்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்."

கடைசி வரியைச் சேர்த்ததிலிருந்து முகச்சுளிப்பு பெரும்பாலும் நின்றுபோயிற்று. வீட்டுக்காரர் அல்லாதவரிடம் முன்பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். குடிவருபவருக்கும் ஐயம் இருக்கத்தான் செய்யும்.

ஆதார், பான், பாஸ்போர்ட், குடும்ப அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒருவருக்கு ஓர் அடையாள ஆவணம் போதும். அதில் நிரந்தர முகவரி இல்லையென்றால் முகவரிக்கு இன்னொன்று. ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இதற்குப் போதுமானது. பான் அட்டையில் முகவரி இராது என்பதால் அது மட்டும் போதாது.

சம்பளச் சீட்டு வாடகை கட்டும் திறனைக் காட்டுவது. காவல்துறைக்கு அதனால் பயனில்லை. வேலை செய்யும் இடத்தை அறிய அலுவலக அடையாள அட்டையைப் பார்த்தாலே போதும். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லி அதைக் கேட்கக் கூடாது.

பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதினால் போதும்.

ஆதார் எண்ணைத் தர முடியாது, மறைத்த ஆதார்தான் தருவேன் என்கிறார். ஏற்கலாமா?

ஏற்கலாம். மறைத்த ஆதார் என்பது ஆதார் ஆணையமே தரும் வடிவம். myaadhaar.uidai.gov.in தளத்தில் பதிவிறக்கும்போது அதற்கான தெரிவைக் குறித்தால், பன்னிரண்டு இலக்கங்களில் முதல் எட்டு மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும்படி வரும். பெயர், பிறந்த தேதி, முகவரி, படம், கியூஆர் குறியீடு எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்காரருக்குத் தேவையானது அவைதான். முழு எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை. நிலையத்தில் முழு எண்ணைக் கேட்டால், குடிவருபவரே படிவத்தில் தம் கையால் எழுதட்டும்.

ஆதாரே வேண்டாம், வாக்காளர் அட்டை தருகிறேன் என்றாலும் மறுக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: ஆதாரைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி அவருடைய கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்பவர் வீட்டுக்காரரானாலும் தரகரானாலும், அதைச் சொல்லக் கூடாது.

ஒரே ஆளுக்கு ஆதாரில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர். இது மோசடியா?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் இல்லை. நம்முடைய இன்ஷியல் வழக்கம் செய்கிற வேலை இது. தகப்பனார் பெயர் சுப்பிரமணியன், மகன் பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் "முருகன் சு" என்றும், வாக்காளர் அட்டையில் "முருகன்" என்று மட்டுமாகித் தகப்பனார் பெயர் தனி வரியிலும், இன்ஷியலை விரித்து எழுதச் சொன்னதால் பாஸ்போர்ட்டில் "சுப்பிரமணியன் முருகன்" என்றும் வந்திருக்கும். அலுவலகத்தில் அவரைச் சுப்பிரமணியன் என்று தகப்பனார் பெயரால் கூப்பிடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இந்த வேறுபாடு இன்னும் பெருகும். திருமணத்துக்கு முன் தகப்பனார் பெயரும் பின் கணவர் பெயரும் இன்ஷியலாக நிற்கும் பெண்களின் ஆவணங்களில் இது ஏறக்குறைய விதியே.

இப்படிப்பட்ட இடத்தில் பெயரை ஒப்பிட்டுப் பயனில்லை. மூன்றை ஒப்பிட வேண்டும்: பிறந்த தேதி, தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகம். இந்த மூன்றும் ஒத்துப்போனால் பெயரின் வேறுபாடு வெறும் எழுத்து வழக்கம். பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் இரண்டு ஆவணங்களில் வெவ்வேறாக இருந்தால்தான் நின்று கேட்க வேண்டும். பழைய ஆவணங்களில் பிறந்த ஆண்டு மட்டும் இருப்பதும், மூத்தவர்கள் பலருக்குப் பதிவான தேதி உத்தேசமானது என்பதும் உண்மைதான். ஆனால் முப்பது வயதுக்காரருக்கு இரண்டு பிறந்த தேதிகள் இருந்தால் காரணம் கேட்பதில் தவறில்லை.

படிவத்தை நிரப்பும்போது, பெயர் வரியில் நகலாக இணைக்கும் ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். வேறு ஆவணத்தில் வேறுவிதமாக இருந்தால் "என்கிற" என்று போட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிடு பெயரை மட்டும் எழுதிக் கொடுத்த படிவம் பின்னால் எந்தப் பதிவேட்டோடும் பொருந்தாது.

கொடுத்த ஆவணம் உண்மையானதுதானா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

லேமினேட் செய்த வண்ண நகலை மூலம் என்று நம்புவதே வழக்கமான தவறு. கணினியில் திருத்திய அட்டையும் லேமினேட் செய்தால் அதே பளபளப்போடுதான் இருக்கும். ஆதாரில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியால் வருடிப் பாருங்கள். குறியீட்டுக்குள் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் படமும் திரையில் வரும். அவை அட்டையில் அச்சானவற்றோடு ஒத்திருக்க வேண்டும். அச்சான பெயரை மாற்றிவிடலாம், ஆனால் மின்கையொப்பமிட்ட குறியீட்டை மாற்ற முடியாது. பழைய அட்டைகளில் குறியீடு தேய்ந்து வருட முடியாமல் போகும்; அப்படியானால் அவரையே புதிதாகப் பதிவிறக்கித் தரச் சொல்லலாம், அல்லது டிஜிலாக்கரில் திறந்து காட்டச் சொல்லலாம்.

வாக்காளர் அட்டை எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் voters.eci.gov.in தளத்தில் தேடினால் பெயரும் தொகுதியும் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும், அட்டை உண்மையானது என்பது மட்டுமே உறுதியாகும். அதைக் கொண்டுவந்தவர் அவர்தானா என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் வாட்ஸப்பில் வந்த படத்தோடு வேலையை முடித்துக்கொள்ளக் கூடாது. ஒரு முறை நேரில், மூல ஆவணமும் ஆளும் ஒன்றாக இருக்கும்போது பார்க்க வேண்டும். அவர் கொடுத்த கைபேசி எண்ணுக்கு அவர் எதிரில் இருக்கும்போதே ஓர் அழைப்பு கொடுத்துப் பாருங்கள். முந்தைய வீட்டுக்காரரிடம் பேசுவதும் நல்லது. அங்கே "நல்லவரா" என்று கேட்காதீர்கள். எத்தனை மாதம் இருந்தார், எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில் குடிவருபவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

வேலைக்குப் போகும் மூன்று பையன்கள் சேர்ந்து வருகிறார்கள். ஒருவர் பெயரில் ஒப்பந்தம் போட்டால் போதுமா?

குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். மாடியில் இரண்டு படுக்கையறைப் போர்ஷன், வாடகை 18,000 ரூபாய். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள். மூவரில் மூத்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவருடைய ஆதார் நகலை வாங்கி நிலையத்தில் கொடுத்தார் வீட்டுக்காரர். மற்ற இருவரைப் பற்றி "நண்பர்கள் 2" என்று மட்டும் படிவத்தில் எழுதினார். ஐந்தாவது மாதம் கையெழுத்திட்டவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்தில் இன்னொருவர் வந்து சேர்ந்தார். வாடகை தவறாமல் வந்துகொண்டிருந்ததால் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. எட்டாவது மாதம், இரவில் திருடுபோன ஒரு இருசக்கர வாகனத்தை விசாரிக்க வந்த காவலர் மாடியில் இருப்பது யார் என்று கேட்டார். படிவத்தில் இருந்தவர் வீட்டில் இல்லை. வீட்டில் இருந்த மூவரும் படிவத்தில் இல்லை. அந்தத் திருட்டுக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று மறுநாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்காரரும் பையன்களும் இரண்டு முறை நிலையத்துக்கு அலைந்தார்கள். புதிதாக வந்த பையனின் அலுவலகத்துக்கும் தொலைபேசி போயிற்று.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. படிவம் உயிரோடு இல்லை, அவ்வளவுதான். அதன்பின் அந்த வீட்டுக்காரர் செய்த மாற்றங்கள் மூன்று. தங்கும் மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மூவருக்கும் தனித்தனித் தாள், தனித்தனிப் புகைப்படம், ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு பெரியவரின் தொலைபேசி எண். இரண்டாவதாக, ஒருவர் போய் இன்னொருவர் வருவதானால் வருபவர் தங்குவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் சேர்ந்தது. மூன்றாவதாக, அப்படி மாற்றம் வந்தால் பழைய படிவத்தின் தேதியைக் குறிப்பிட்டு, "இன்னார் இன்ன தேதியில் காலி செய்தார், அவருக்குப் பதில் இன்னார் வந்துள்ளார்" என்று ஒரு பக்கக் கடிதத்தை அவரே நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்கிறார். காலி செய்தவரைப் பற்றிச் சொல்லும் அந்த முதல் பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு மூன்று நாள் தங்கிப்போகும் விருந்தாளிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஊரிலிருந்து வந்த தங்கையின் ஆதாரைக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது, அது தொந்தரவு.

நிறுவனமே வீட்டை எடுக்கிறது. நிறுவனத்தின் ஆவணம் போதாதா?

ஒப்பந்தத்துக்குப் போதும். நிலையத்தில் கொடுக்கும் படிவத்துக்கு, உள்ளே தங்கப்போகிறவர்களின் விவரமே வேண்டும். பணியாளர் மாறும்போதெல்லாம் பட்டியலைத் தருவதாக நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள்.

குடிவருபவர் வெளிநாட்டவர். இதே படிவம்தானா?

அவர் விஷயத்தில் உங்களுக்கு வேறு கடமை கூடுதலாக உண்டு. பணம் பெற்று வெளிநாட்டவருக்குத் தங்க இடம் தருபவர், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் indianfrro.gov.in தளத்தின் வழியே அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். 'சி' படிவம் என்று இது வழக்கத்தில் அழைக்கப்படுகிறது. இது விடுதிகளுக்கு மட்டுமானது என்று பல வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். வாடகை வாங்கும் வீட்டுக்கும் பொருந்தும். இங்கே தாமதம் மன்னிக்கப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மூல ஆவணத்தை ஒப்பந்தம் முடியும்வரை நானே வைத்துக்கொண்டால் பாதுகாப்புதானே?

கூடாது. பாஸ்போர்ட் மத்திய அரசின் உடைமை என்று பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. அதை அடகு போல வாங்கி வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. மற்ற ஆவணங்களும் அவருடைய அன்றாடத் தேவைக்கானவை. உங்கள் பாதுகாப்புக்கு முன்பணம் இருக்கிறது.

நான் குடிவருபவன். என் நகல்களை வீட்டுக்காரரோ தரகரோ வேறு எதற்காவது பயன்படுத்திவிட்டால்?

நகலின் குறுக்கே, படத்தையும் எழுத்தையும் தொட்டுச் செல்லும்படி, இப்படி எழுதிக் கையெழுத்திடுங்கள்: "குரோம்பேட்டை காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் அளிப்பதற்கு மட்டும்", அதன் கீழே தேதி. ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடலாம். இப்படி எழுதிய நகலைக் கொண்டு சிம் கார்டு வாங்குவதோ கடன் கேட்பதோ எளிதன்று. தாளாக நேரில் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எழுதிக் கையெழுத்திட்ட நகலைப் படமெடுத்து, வீட்டுக்காரரின் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். தரகருக்கு அனுப்பும் நகல், நீங்கள் அந்த வீட்டை எடுக்காவிட்டாலும் அவர் கைபேசியிலேயே கிடக்கும்.

உங்கள் பெயரில் தெரியாத இணைப்பு ஏதும் வாங்கப்பட்டிருக்கிறதா என்பதை sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் கைபேசி எண்ணைக் கொண்டு பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். வீடு மாறி மூன்று மாதம் கழித்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நிலையத்தில் படிவத்தை வாங்க மறுக்கிறார்கள், அல்லது வாங்கிக்கொண்டு முத்திரை தர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

வேலை நெருக்கடியில் "வெச்சுட்டுப் போங்க" என்று ரைட்டர் சொல்வது உண்டு. வைத்துவிட்டு வந்தால் உங்களிடம் சான்று எதுவும் இராது. எப்போதும் இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரையும் தேதியும் கேளுங்கள். திருவிழா, அரசியல் கூட்டம் போன்ற நாட்களைத் தவிர்த்து, முற்பகலில் போவது நல்லது. அப்படியும் கிடைக்கவில்லையென்றால், நிலைய ஆய்வாளர் என்று முகவரியிட்டு, ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கிடைக்கும் ஒப்புகையை அனுப்பிய கடிதத்தின் நகலோடு சேர்த்து வைத்துக்கொண்டால் முத்திரையின் வேலையை அது செய்துவிடும். இதற்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தகவல் தெரிவிப்பதற்குக் கட்டணம் கிடையாது.

வாடகை ஒப்பந்தத்தை அரசுத் தளத்தில் பதிவு செய்துவிட்டோம். இதுவும் தேவையா?

தேவை. tenancy.tn.gov.in தளத்தில் செய்யும் பதிவு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழானது. அது வருவாய்த் துறையைச் சேர்ந்த வாடகை அதிகாரியிடம் போகிறது, காவல் நிலையத்துக்கு அன்று. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சரிபார்ப்பு அறிக்கையில் வழக்கு இருப்பதாக வந்துவிட்டது. காலி செய்யச் சொல்லலாமா?

முதலில் என்ன வழக்கு, எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மறியலில் கலந்துகொண்டதற்கும் சாலை விபத்துக்கும் போடப்பட்ட வழக்கும் வழக்குதான். நிலுவையில் இருப்பது தண்டனை ஆகாது. பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் வழக்கு வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. முருகன் என்ற பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள்! அறிக்கையில் உள்ள தகப்பனார் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுவிட்டு அவரிடமே கேளுங்கள்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன் இது தெரிந்தால், வீட்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. ஒப்பந்தம் போட்டுச் சாவியும் கொடுத்தபின் தெரிந்தால், நாளையே வெளியே போ என்று சொல்லவோ மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவோ உங்களால் இயலாது. மேற்சொன்ன சட்டத்தில் கூறிய காரணங்களின்படி வாடகை நீதிமன்றத்தின் வழியே மட்டும் வெளியேற்ற முடியும். சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், குடிவரும் தேதியை அறிக்கை கைக்கு வந்தபின் வைத்துக்கொள்வதே நல்லது. அவ்வளவு நாள் வீட்டைப் பூட்டி வைக்க முடியாது என்றால், தகவல் தெரிவிப்பதோடு நிறுத்திக்கொண்டு, நேரில் பார்த்த மூல ஆவணத்தையும் முந்தைய வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லையும் நம்பியே பலரும் வீட்டை விடுகிறார்கள்.

காலி செய்துபோனவரின் நகல்களை என்ன செய்வது?

அவர் காலி செய்ததை நிலையத்தில் தெரிவித்து முன்பணக் கணக்கையும் முடித்தபின், முத்திரையிட்ட படிவத்தையும் காலி செய்த கடிதத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள ஆவண நகல்களை அவரிடமே கொடுங்கள், அல்லது அவர் எதிரில் கிழித்துவிடுங்கள். கைபேசியில் உள்ள படங்களை அழிக்கும்போது, அதன் தானியங்கிச் சேமிப்பில் கிடக்கும் பிரதியையும் சேர்த்து அழியுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டில் ஒரு முறை நான்கு குடும்பங்களின் ஆதார் நகல்களைப் பார்த்திருக்கிறேன். நான்கும் முழு எண்ணோடு இருந்தன.